சுந்தரவல்லி விட்ட நாலு வரி

தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சுந்தரவல்லியின் அறை. படிக்கட்டு எம்புட்டுச் செங்குத்து என்றால், ஏறி முடிக்கிற வக்கீல் தன் கட்சிக்காரர் பெயரையே மறந்துபோய் அவளிடம் கேட்பாராம். இது கீழே கடை வைத்திருக்கும் அருண்பாண்டி கட்டிவிட்ட கதை. அவளுடைய பிரெஞ்சு அகராதியை மாடிக்குத் தூக்கிப்போன அன்றுதான் கடைக் கூரையில் விரிசல் விழுந்தது என்றும் அவர் சொல்வார். அதில் பாதிதான் பொய்.

சுந்தரவல்லி மதுரையில் மகாலுக்குப் பின்னால் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டுக்குள் ஒரு மொழி, வாசல் தாண்டினால் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ். கல்லூரியில் பிரெஞ்சு எடுத்தது ஆசையால் அல்ல. அதில் மார்க் அள்ளலாம் என்று பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னதால். அந்தப் பெஞ்சுக்காரி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். பிரெஞ்சு சுந்தரவல்லியோடு தங்கிவிட்டது. பாண்டிச்சேரியில் இரண்டு வருஷம் மேல்படிப்பு. பிறகு மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷம் அதையே பாடமாக நடத்தினாள். கல்யாணம் மூன்று முறை பேசப்பட்டது, மூன்று முறையும் காபியோடு நின்றது. ஓய்வு பெறுவதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே இந்த அறையில் மாலை நேரங்களில் மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, பட்டம், பென்ஷன் கடிதம். பிரான்சுக்குப் போனவர்கள், போய் வந்தவர்கள், போகாமலே அங்கே சொந்தம் உள்ளவர்கள் என்று மதுரையைச் சுற்றி ஆட்கள் உண்டு. அவர்கள் காகிதமெல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும்.

வார்த்தைக்கு வார்த்தை கிடைத்துவிட்டால் இந்த வேலையில் வம்பில்லை. கிடைக்காத இடத்தில்தான் வம்பு. கோர்ட்டு வாசலில் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையெழுத்தைப் பார்த்து முத்திரை குத்துகிறவர் நமக்கு நோட்டரி. பிரான்சில் நோத்தேர் என்று ஒருவர் இருக்கிறார். சொத்துப் பத்திரம் எழுதுவது, செத்தவர் சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, காகிதத்தின் மூலத்தைக் காலாகாலத்துக்கும் பத்திரப்படுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. அவரை இங்கிலீஷில் நோட்டரி என்று எழுதினால் மரத்தடி நாற்காலிதான் வாசிப்பவர் கண்ணுக்கு வரும். அதனால் சுந்தரவல்லி பிரெஞ்சு வார்த்தையை அப்படியே விட்டு, பக்கத்தின் அடியில் இரண்டு வரிக் குறிப்பு எழுதுவாள். "நம்ம ஊர்ல இல்லாத ஒண்ணுக்கு நம்ம ஊர்ப் பேரை வைக்கக் கூடாது" என்று வகுப்பில் முப்பது வருஷம் சொன்னவள் அவள்.

ஒரே ஒரு முறை வைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்று ஒன்பது வருஷம் கழித்து, வக்கீல் வெங்கடேஷ்பாபுவின் கையில் மாடியேறி வந்தது.

வெங்கடேஷ்பாபு அவளுக்குத் தூரத்துச் சொந்தம். மூச்சு வாங்கி முடித்ததும் இரண்டு காகிதங்களை மேஜையில் வைத்தார்.

"அக்கா, இது ஒரு பிரெஞ்சுத் தீர்ப்பு. நீங்க இங்கிலீஷ் பண்ணணும். இன்னொண்ணு எதிர்த்தரப்பு தாக்கல் பண்ணின பழைய மொழிபெயர்ப்பு. எவனோ அவசரத்துல பண்ணியிருக்கான்."

சுந்தரவல்லி பழைய காகிதத்தைத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை. உள்ளே அவள் பெயர்.

"எவனோ இல்ல பாபு," என்றாள். "எவளோ."

வக்கீல் குனிந்து பார்த்தார். பிறகு, குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

வழக்கு இதுதான். மேலூர்ப் பக்கம் அழகுமலை என்று ஒருவர். அவருடைய அப்பன், பாட்டன் எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அழகுமலை முப்பது வருஷம் கல் உடைத்தும் களம் அடித்தும் ஒரு ஏக்கர் இருபது சென்ட் வாங்கினார். அந்தக் குடும்பத்தில் பட்டா என்ற காகிதத்தில் ஏறிய முதல் பெயர் அவருடையது. மனைவி முன்பே போய்விட்டாள். மகன் முத்துக்கருப்பன், மகள் பவதாரிணி. அழகுமலை உயில் எழுதாமல் இறந்தார். முத்துக்கருப்பன் நிலத்தைக் கிரானைட் குவாரிக்கு விற்கப் பேச்சு நடத்தினார். பவதாரிணி, வெங்கடேஷ்பாபுவை வக்கீலாக வைத்து, தன் பாதியைக் கேட்டு வழக்குப் போட்டாள். அப்பா தோண்டிய கிணறு இருக்கும் நிலத்தை வெடிவைத்துக் குழியாக்கவிட மாட்டேன் என்றாள். முத்துக்கருப்பனின் பதில் மனுவில் ஒரே வாதம்: அவள் தத்துப் போனவள். தத்துப் போனவளுக்குப் பிறந்த வீட்டில் உறவு அறுந்தது. அவள் இப்போது அழகுமலைக்கு மகளே இல்லை. ஆதாரம், சுந்தரவல்லியின் முத்திரை போட்ட காகிதம்.

பவதாரிணிக்குப் பெரியம்மா ஒருத்தி, தங்கப்பொண்ணு. பாண்டிச்சேரிக்காரர் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவள். பிள்ளை இல்லை. நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போன பவதாரிணி அவர்கள் வீட்டில்தான் தங்கினாள். அவளுக்கு இருபத்து நாலு வயதானபோது இருவரும் அங்கே கோர்ட்டில் மனுப் போட்டு அவளைத் தத்தெடுத்தார்கள்.

இருபத்து நாலு வயதில் தத்தா என்று கேட்கலாம். அங்கே உண்டு. பிரெஞ்சுச் சட்டத்தில் தத்து இரண்டு வகை. முழுத் தத்து என்பது குழந்தையைப் பிறந்த வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் நடுவது. பழைய வேர் போய்விடும். மற்றதற்கு அதொப்சியோன் சேம்ப்ல் என்று பெயர். எந்த வயதினருக்கும் செய்யலாம். பிறந்த வீடு அப்படியே இருக்கும். அதோடு இன்னொரு வீடு சேரும். நம்முடைய இந்துச் சட்டத்தில் இந்த இரண்டாவது கிடையாது. இங்கே தத்து என்றால் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போவதுதான். அதுவும் பதினைந்து வயது நிரம்பும் முன்னால், வழக்கம் வேறாக இருந்தால் ஒழிய.

இதெல்லாம் சுந்தரவல்லிக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்பே தெரியும். அதுதான் கொடுமை. அன்றைக்குப் பவதாரிணி ஊருக்கு வந்திருந்தாள், பெயர் மாற்றத்துக்கு இந்தத் தீர்ப்பின் இங்கிலீஷ் வேண்டும் என்று. சுந்தரவல்லி முறையாகத்தான் செய்தாள். பிரெஞ்சு வார்த்தையை விட்டு, அடியில் நாலு வரிக் குறிப்பு. ஓர் அரசு அலுவலக ஜன்னல் அதைத் திருப்பிவிட்டது. "குறிப்பெல்லாம் வேண்டாம். தத்தா, இல்லையா? எங்க பாரத்துல அதுக்கு ஒரு கட்டம்தான் இருக்கு." மூன்றாம் நாள் பவதாரிணிக்கு விமானம். படியேறி வந்து அழுதாள். சுந்தரவல்லி கம்ப்யூட்டரைத் திறந்து, பிரெஞ்சு வார்த்தையை எடுத்துவிட்டு அடாப்ஷன் என்று போட்டாள். நாலு வரியை அழித்தாள். முத்திரை குத்தினாள். ஜன்னல் வாங்கிக்கொண்டது. காகிதத்தின் ஒரு நகல் அழகுமலையின் தகரப் பெட்டிக்குள் போனது.

"இப்ப என்னக்கா பண்றது?" என்றார் வெங்கடேஷ்பாபு. "மெட்ராஸ்ல வேற ஆளை வச்சுப் பண்ணிடலாம். நீங்க இதுக்குள்ளயே வர வேண்டாம்."

"என் காகிதம் அங்க இருக்குல்ல. கேக்க மாட்டாங்களா?"

"டைப்பிங் மிஸ்டேக்னு ஒரு கடிதம் குடுங்க."

"டைப் அடிச்சது யாரு?"

"நீங்கதான்."

"அப்பறம்?"

வக்கீலிடம் இன்னொரு வழியும் இருந்தது. இந்தத் தத்தே இந்தியாவில் செல்லாது, வயது மீறிவிட்டது என்று ஒரே வரியில் வாதாடலாம். அதைப் பவதாரிணியிடம் போனில் கேட்டார்.

"சார், பெரியம்மாவுக்கு இப்ப எழுபத்தாறு வயசு. நான்தான் மருந்து குடுக்கேன், குளிப்பாட்டுறேன். அவங்க எனக்கு ஒண்ணுமில்லேன்னு கோர்ட்ல எழுதச் சொல்றீங்களா? எங்கய்யாவும் வேணும், அவங்களும் வேணும். அந்த ஊர்ச் சட்டம் ரெண்டையும்தானே குடுத்துச்சு? உங்க ஊர்ல அதைச் சொல்றதுக்கு ஒரு வார்த்தை இல்லேன்னா அது என் தப்பா?"

ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சுந்தரவல்லி பேனா மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

பதினோரு நாள் எடுத்துக்கொண்டாள். தீர்ப்பு நாலே பக்கம்தான். சிம்பிள் அடாப்ஷன் என்று இங்கிலீஷில் எழுதலாமா என்று பார்த்தாள். எழுதினால் வாசிப்பவர் சாதாரணமான தத்து என்று எடுத்துக்கொள்வார்; சாதாரணமான தத்து இங்கே உறவை அறுக்கிற தத்து. பகுதித் தத்து என்ற பொருளில் ஒன்றைப் போட்டாள். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது, தானே ஒன்றைப் பிறப்பித்த மாதிரி ஆகிவிடும் என்று அடித்தாள். கடைசியில் பிரெஞ்சு வார்த்தையைச் சாய்வெழுத்தில் அப்படியே விட்டு, அடியில் குறிப்பு எழுதினாள். அந்த நாலு வரி அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை. தீர்ப்பு வந்த வருஷத்தில் அமலில் இருந்த சட்டப் பிரிவை, அந்த அரசாங்கம் வெளியிட்ட தொகுப்பிலிருந்து எடுத்து, தனித்தாளில் மொழிபெயர்த்துப் பின்னால் இணைத்தாள். தன் கருத்து என்று ஒரு வரியும் சேர்க்கவில்லை.

மேலூர் நீதிமன்றத்தில் அவள் கூண்டேறிய நாள், பவதாரிணி பிரான்சிலிருந்து வந்திருந்தாள். முத்துக்கருப்பன் எதிர்ப்பக்கப் பெஞ்சில், துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தங்கையும் ஒரே மூக்கு.

எதிர்த்தரப்பு வக்கீல் அசோக்குமார் குரலை உயர்த்தாதவர். அதுதான் பயம்.

"அம்மா, பி-3ஐப் பாருங்க, அந்தப் பழைய மொழிபெயர்ப்பு. கையெழுத்து உங்களுதா?"

"ஆமா."

"முத்திரை?"

"என்னோடதுதான்."

"உண்மையான, சரியான மொழிபெயர்ப்புன்னு உறுதிமொழி எழுதியிருக்கீங்க. அதுல அடாப்ஷன்னு இருக்கு. இப்ப நீங்க புதுசாப் பண்ணின ஏ-7ல அந்த இடத்துல பிரெஞ்சு இருக்கு, கீழ ஒரு கதை இருக்கு. ரெண்டும் ஒரே தீர்ப்பு. எதும்மா பொய்?"

"பொய் இல்லைங்க. பி-3 குறை."

"ஒன்பது வருசமாக் குறைன்னு தெரியலையா? நீங்க முப்பது வருசம் பாடம் நடத்தினவங்க."

"அன்னைக்கே தெரியும்."

வெங்கடேஷ்பாபு கண்ணை மூடிக்கொண்டார். அசோக்குமார் பி-3ஐக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரிஞ்சே எழுதினீங்களா?"

"ஆமா. முதல்ல குறிப்போடதான் எழுதினேன். ஒரு ஜன்னல்ல வாங்க மாட்டேன்னாங்க. அந்தப் பொண்ணுக்கு அவசரம். அவங்க பாரத்துல இருக்கிற வார்த்தையை எழுதிக் குடுத்தேன். தீர்ப்புல இருக்கிற வார்த்தையை எழுதல. தப்பு ஜன்னலோடது இல்ல. முத்திரை என்னோடது."

"அப்ப இப்ப வாதிக்கு என்ன அவசரமோ, அதுக்கு ஏத்த மாதிரி எழுதியிருக்கீங்க. அப்படித்தானே?"

"அப்படி நீங்க கேக்கறதுக்கு நான்தான் இடம் குடுத்திருக்கேன்," என்றாள் சுந்தரவல்லி. "அதனாலதான் மூலத்தையும் கூடவே வச்சிருக்கேன். பிரெஞ்சு தெரிஞ்ச யாரை வேணா வச்சுப் பாத்துக்கலாம்."

நீதிபதி ஏ-7ஐப் புரட்டினார். "அம்மா, நீங்க மொழிபெயர்ப்பாளர். பிரெஞ்சுச் சட்ட நிபுணர் இல்ல. உங்க குறிப்பை அந்த நாட்டுச் சட்டத்துக்குச் சாட்சியமா நான் எடுத்துக்க முடியாது."

"சரிதாங்கய்யா. குறிப்பு, வார்த்தையை ஏன் விட்டேங்கிறதுக்கு மட்டும். சட்டத்துக்கு அவங்க அரசாங்கம் வெளியிட்ட தொகுப்பு பின்னால இருக்கு."

நீதிபதி இணைப்பைத் தேடி எடுத்தார். வெளிநாட்டுச் சட்டத்தை, அந்த அரசின் அதிகாரத்தில் வெளியான புத்தகத்திலிருந்து கோர்ட் பார்க்கலாம். "தமிழ்ல சொல்லுங்க."

சுந்தரவல்லி கண்ணாடியைச் சரிசெய்தாள். "தத்தெடுக்கப்பட்டவர் தம் பிறந்த குடும்பத்திலேயே இருந்துவருகிறார். அங்கே தம் எல்லா உரிமைகளையும், குறிப்பாக வாரிசுரிமையை, வைத்துக்கொள்கிறார்."

"ஏன், இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இல்லையா?"

"வார்த்தை கிடைக்கும்ங்கய்யா. அந்த வார்த்தையைக் கேட்டதும் நம்ம மனசுல வர்ற வீடு வேற. இங்க ஒரு வீட்டுக் கதவைச் சாத்திட்டுத்தான் இன்னொரு வீட்டுக் கதவு திறக்கும். அங்க ரெண்டும் திறந்திருக்கும்."

"அப்ப ஒருத்திக்கு ரெண்டு அப்பாவா?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"காகிதத்துல ரெண்டுங்கய்யா. பி-3லயே பாருங்க, கடைசிப் பத்தி. அதையாவது நான் ஒழுங்கா எழுதியிருக்கேன். அவ பேரு இனிமே பவதாரிணி அழகுமலை சவரிமுத்து. முதல் பேரை எடுக்கல. அதுக்குப் பின்னால இன்னொண்ணைச் சேத்திருக்காங்க."

அப்போதுதான் அது நடந்தது. முத்துக்கருப்பன் எழுந்து நின்றார். துண்டு தரையில் விழுந்தது.

"அப்ப எங்கய்யாவை வேணாம்னு அவ எழுதிக் குடுக்கலையா?"

"உட்காருங்க. உங்க வக்கீல் பேசுவாரு," என்றார் நீதிபதி.

அவர் உட்காரவில்லை. சுந்தரவல்லியையே பார்த்தார். கூண்டில் நிற்கிறவள் கட்சிக்காரருக்குப் பதில் சொல்லக் கூடாது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. அசோக்குமார் தன் கட்சிக்காரரின் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார்.

வெளியே வராந்தாவில் முத்துக்கருப்பன் காத்திருந்தார். அவர் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து வெங்கடேஷ்பாபு குறுக்கே வந்தார். சுந்தரவல்லி வக்கீலை நகரச் சொன்னாள்.

"எங்கய்யாவுக்கு எழுத்துத் தெரியாதும்மா," என்றார் முத்துக்கருப்பன். "பெட்டியில இருந்த காகிதத்தை எடுத்துட்டுப் போயி வாத்தியாரை வாசிக்கச் சொன்னாரு. மக வச்சுட்டுப் போன காகிதமாச்சே, என்ன இருக்குன்னு பாக்கணும்னு. வாத்தியாரு வாசிச்சுட்டு, உன் மக தத்துப் போயிட்டாடா அழகுமலைன்னாரு. அம்புட்டுத்தான். வீட்டுக்கு வந்து மூணு நா பேசல. அப்பறம் இவ போன் பண்ணா எடுக்கவே மாட்டாரு. எடுத்தாலும், நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சிருவாரு. ஏன்னும் கேக்கல. பெரிய வீட்டுக்குப் போன பிள்ளை, நம்ம என்னத்தைக் கேக்கன்னு."

பவதாரிணி தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு இது இதுவரை தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"அவரு செத்தப்ப இவ மக போடுற கோடித் துணியோட வந்தா," என்றார். "வாங்க மாட்டேன்னுட்டேன். வேற வீட்டுப் பிள்ளை கோடி எதுக்குன்னு நாலு பேரு முன்னால கேட்டேன். திருப்பி எடுத்துட்டுப் போனா."

உள்ளே அடுத்த வழக்கின் பெயரைக் கூவினார்கள்.

"நீங்க முதல்ல எழுதி அழிச்சீங்களே, அது எம்புட்டும்மா?"

"நாலு வரி."

"அது இருந்திருந்தா, வாத்தியாரு அதையும் வாசிச்சிருப்பாருல்ல?"

"வாசிச்சிருப்பாரு."

முத்துக்கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் சுந்தரவல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. தங்கையைக் கடந்து போகும்போது, அவளைப் பார்க்காமல், "சாப்ட்டியா?" என்றார். அவள், "இல்லண்ணே," என்றாள். இரண்டு பேரும் படியிறங்கினார்கள், நடுவில் நாலு ஆள் போகிற இடம் விட்டு.

தீர்ப்பு நாலு மாதம் கழித்து வந்தது. உறவை அறுக்கிற விதி இந்தியச் சட்டப்படி நடக்கிற தத்துக்கு. பிரெஞ்சு நீதிமன்றம் செய்தது அந்த வகை அல்ல, அது பிறந்த வீட்டு உறவைத் தொடவில்லை. ஆகவே பவதாரிணி அழகுமலையின் மகள், பாதிக்கு உரியவள். குவாரிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். முத்துக்கருப்பன் அப்பீல் போகவில்லை. தீர்ப்பின் பதினேழாவது பத்தியில், பி-3 என்ற மொழிபெயர்ப்பு முழுமையற்றது, நம்பத்தக்கதல்ல என்று இருந்தது. கீழே மொழிபெயர்ப்பாளரின் பெயர்.

"அந்தப் பத்தியை நான் கேக்கலக்கா," என்றார் வெங்கடேஷ்பாபு. "அவரா எழுதிட்டாரு."

"எழுதாம விட்டிருந்தாத்தான் தப்பு," என்றாள் சுந்தரவல்லி.

கோர்ட்டு வட்டாரத்தில் சேதி பரவ ஒரு வாரம் ஆனது. இரண்டு வக்கீல்கள் அவளிடம் காகிதம் அனுப்புவதை நிறுத்தினார்கள். அருண்பாண்டி மட்டும், மேலூரில் அவளைக் கேள்வி கேட்ட வக்கீல் அதற்கப்புறம் பிரெஞ்சு கற்கப் பாண்டிச்சேரிக்கு ஓடிவிட்டதாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விரிசல் விட்ட கூரைக்குக் கீழே நின்று சொன்னதால் சிலர் நம்பவும் செய்தார்கள்.

சுந்தரவல்லி பழைய கோப்புகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினாள். பத்தொன்பது வருஷத்துப் பிரதிகள். தான் ஒரு முறைதான் அப்படிச் செய்தோம் என்ற நினைப்பு அவளுக்கு இருந்ததே, அது சரிதானா என்று பார்க்க உட்கார்ந்தாள். எட்டு நாள் ஆனது. சரியில்லை. இன்னும் ஆறு இருந்தன. ஒரு விதவைக்கு வீட்டை அனுபவிக்கிற உரிமை மட்டும் கிடைத்து, வீட்டின் உடைமை பிள்ளைகளுக்குப் போன பத்திரத்தில், அவளே உரிமையாளர் என்கிற மாதிரி ஒரு வார்த்தை. புத்தி தடுமாறியவருக்குச் சில காரியங்களுக்கு மட்டும் நீதிபதி நியமித்த காப்பாளர், சும்மா கார்டியன் என்று. ஒவ்வொன்றிலும் ஓர் அவசரம், ஒரு ஜன்னல், அடியில் காலி இடம்.

ஆறு பெயர்களையும் ஒரு தாளில் எழுதினாள். முதல் எண்ணைப் போட்டாள். மணி ரொம்ப நேரம் அடித்தது. ஒரு ஆண் குரல், பின்னால் பஸ் ஸ்டாண்டுச் சத்தம்.

"யாருங்க?"

"நான் தல்லாகுளம் சுந்தரவல்லி பேசுறேன். ஏழு வருசத்துக்கு முந்தி உங்கம்மா வீட்டுப் பத்திரத்தை இங்கிலீஷ் பண்ணிக் குடுத்தேன்."

"ஆமாமா, ஞாபகம் இருக்கு. அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லாம நடந்துருச்சும்மா. நல்லாப் பண்ணியிருந்தீங்க."

"நல்லாப் பண்ணல," என்றாள் சுந்தரவல்லி. "கொஞ்ச நேரம் இருக்கா? அதுல மூணு வரி விட்டுட்டேன். வாசிக்கிறேன், கேளுங்க."